எரிமலை மூழ்கிய இடத்தில் பவள வளையம் வந்தது எப்படி?



நம் கடற்கரை ஊர்களில் மாசிக்கருவாடு தெரியாத வீடு குறைவு. அந்த மாசிக்குப் பேர்போன நாடு மாலத்தீவு. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்வந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல்லையும் மணலையும் கடல் கடந்து ஒரு நாடு ஏன் வாங்க வேண்டும்? அங்கே மலை இல்லை, ஆறு இல்லை, கருங்கல் என்பதே இல்லை. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள். எல்லாமே பவளச் சுண்ணாம்பும் பவள மணலும்தான். வானத்திலிருந்து பார்த்தால் அவை தாறுமாறாகச் சிதறிக் கிடக்கவில்லை என்பது தெரியும். பெரிய பெரிய வளையங்களாக, யாரோ கடல்மேல் மாலைகளை எறிந்ததுபோல் அமைந்திருக்கின்றன. அப்படி ஒரு வளையத்துக்கு அந்நாட்டு திவேஹி மொழியில் ‘அதொளு’ என்று பெயர். ஆங்கிலேயர் அதைத்தான் ‘அட்டோல்’ என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுவதும் புவியியல் பாடத்தில் வழங்கும் சொல் அது. நம் பாடநூலில் வட்டப் பவளத்திட்டு என்று படிக்கிறீர்கள்.

ஓர் அட்டோலின் அமைப்பை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். வெளியே ஆழ்கடல், கருநீலம். அலை வந்து உடைகிற இடத்தில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பவளச் சுவர். அதன் முதுகில் அங்கங்கே தென்னை நிற்கும் மணல் தீவுகள். சுவருக்கு உள்ளே அமைதியான, ஆழம் குறைந்த, வெளிர்நீலக் காயல். சுவரில் ஒன்றிரண்டு இடங்களில் படகு புகும் அளவுக்கு வாய்கள். நடுவில் எதுவும் இல்லை. நடுவில் எதுவும் இல்லாததுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான செய்தி. ஒரு காலத்தில் அங்கே ஒரு மலை இருந்தது.

பவளம் என்பது கல்லும் அல்ல, செடியும் அல்ல. பாலிப் என்ற மிகச் சிறிய உயிரினம். அது கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம்போல் கூடு கட்டிக்கொள்கிறது. இறந்தபின் கூடு அப்படியே நிற்கும். அதன்மேல் அடுத்தது கட்டும். கோடிக்கணக்கான கூடுகள் ஒட்டிச் சேர்ந்ததுதான் பவளப்பார். பாலிப்பின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. அது சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தானும் தின்று, தங்க இடம் கொடுத்த பாலிப்புக்கும் பெரும்பங்கு கொடுக்கிறது. பார் கட்டும் பவளத்தின் வாழ்க்கை முழுவதும் இந்தப் பாசியை நம்பித்தான் இருக்கிறது. பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே பவளத்துக்கும் வெயில் எட்டும் ஆழம்தான் எல்லை. நன்றாகச் செழித்துப் பெரும் பார்களைக் கட்டுவது முப்பது, நாற்பது மீட்டர் ஆழத்துக்குள்தான். தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் போனால் பார் வளராது.

இப்போது புதிரைப் பாருங்கள். அட்டோல்களைச் சுற்றிக் கடல் ஒரேயடியாக ஆழமாகிவிடுகிறது. பல அட்டோல்கள் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடல்தரையிலிருந்து எழுந்து நிற்கின்றன. நாற்பது மீட்டருக்குக் கீழே சரியாகக் கட்டத் தெரியாத கொத்தன், நான்காயிரம் மீட்டர் ஆழத்தில் அடித்தளம் போட்டிருக்க முடியாது. அப்படியானால் அடித்தளம் போட்டது யார்?

இதற்கு விடை சொன்னவர் சார்லஸ் டார்வின். அவர் பெயரைக் கேட்டதும் வேறொரு விவாதம் நினைவுக்கு வரலாம். இங்கே நாம் பார்க்கப்போவது பாறைகளையும் கடலையும் ஆராய்ந்த டார்வினை. 1831-ல் பீகிள் என்ற கப்பலில் புறப்பட்டபோது அவருக்கு வயது 22. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே, அதாவது ஒரு பவளத்தீவைக்கூட நேரில் பார்ப்பதற்கு முன்பே, இந்த விளக்கத்தின் முக்கியப் பகுதியை யோசித்துவிட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1835 பிப்ரவரியில் சிலி நாட்டில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கரையோர நிலம் சில அடி மேலே எழும்பிவிட்டதை, நீருக்கு வெளியே வந்து செத்துக்கிடந்த சிப்பிகளைக் கொண்டு அவரும் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் அறிந்துகொண்டார்கள். நிலம் ஓரிடத்தில் எழும்புமானால் வேறோர் இடத்தில் தாழலாம் அல்லவா? அந்தத் தாழ்வு பசிபிக் கடலின் தரையில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

அதே ஆண்டு நவம்பரில் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தது. டார்வின் மலைச்சரிவில் ஏறி, எதிரே கடலில் நிற்கும் மூரியா என்ற தீவைப் பார்த்தார். நடுவே கூரான மலை, அதைச் சுற்றி ஒரு பட்டை அமைதியான நீர், அதைச் சுற்றி வெள்ளை நுரை அடிக்கும் பார். சட்டம் போட்ட படம் போலிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மலைதான் படம், பார்தான் சட்டம். படத்தை மெல்லக் கீழே இறக்கிச் சட்டத்தை மட்டும் விட்டுவைத்தால் கிடைப்பது அட்டோல்.

தாகித்தி இருக்கும் சொசைட்டித் தீவுகள் ஒரே வரிசையாகத் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீள்கின்றன. இந்த வரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால், ஒரு தீவின் பிள்ளைப்பருவம் முதல் முதுமை வரை பார்த்துவிடலாம். நாமும் போவோம்.

தென்கிழக்கு முனையில் மெஹெதியா. இளம் எரிமலைத் தீவு. செங்குத்தான கரை, அதை ஒட்டிப் பார் இன்னும் சரியாகக் கட்டப்படவில்லை. அடுத்தது தாகித்தி. உருவாகத் தொடங்கி ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் உச்சி 2,241 மீட்டர், கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் மலையின் உயரம். பார் சில இடங்களில் கரையோடு ஒட்டியும், சில இடங்களில் சற்று விலகியும் நிற்கிறது. அடுத்து மூரியா, அங்கே பார் தீவை முழுவதும் சூழ்ந்துவிட்டது, இடையே ஒடுங்கிய காயல்.

இன்னும் வடமேற்கே போனால் போரா போரா. இங்கே மலை 727 மீட்டர்தான். காயலோ அகன்றுவிட்டது, தீவைவிடக் காயலின் பரப்புதான் பெரிது. பாரின் முதுகில் மணல் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. கப்பல் நுழைய ஒரே ஒரு வாய். அதற்கும் மேற்கே மௌப்பித்தி. மலை 380 மீட்டராகக் குறைந்துவிட்டது. இந்தப் பக்கத்திலேயே துப்பாய் என்றொரு தீவு உண்டு. அங்கே மலையே இல்லை. வளையம் மட்டும்.

கரையை ஒட்டிய பார், கரையை விட்டு விலகிய தடுப்புப் பார், மலை மறைந்தபின் வட்டப் பார் என்று பாடநூலில் மூன்று தனி வகைகளாக மனப்பாடம் செய்கிறீர்கள் அல்லவா? டார்வின் கண்டது, இத்தகைய தீவுகளில் மூன்றும் ஒரே பாரின் மூன்று வயதுகள் என்பதே. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகலமான ஒரு பேசினில் களிமண்ணால் கூம்பு வடிவில் ஒரு மலை செய்யுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நீர்மட்டம் மலையைத் தொடும் இடத்தில், சுற்றிலும் சிறு கூழாங்கற்களை ஒட்டி வையுங்கள். இது கரையோரப் பார். இனி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள், கற்கள் மூழ்கும். முதலில் வைத்த கற்களின்மேல், நேர்மேலே, இன்னொரு வரிசை அடுக்கி நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மலைக்கும் கல்வரிசைக்கும் இடையில் ஒரு நீர்ப்பட்டை வந்திருக்கும். மீண்டும் தண்ணீர், மீண்டும் கல். மலையின் உச்சி மூழ்கும்போது உங்கள் கையில் ஓர் அட்டோல் இருக்கும். உண்மையில் கடல் ஏறுவதில்லை, மலைதான் இறங்குகிறது; ஆனால் நீர்மட்டத்தில் குடியிருக்கும் பவளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மலை இறங்க இறங்க, பவளம் உள்பக்கமும் வளர்ந்து காயலை ஏன் நிரப்பவில்லை? வெளிப்பக்கம் திறந்த கடலின் அலை அடிக்கிறது. சுத்தமான நீரும் புதிய உணவும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அங்கே பவளம் செழிக்கும். உள்ளே நீர் தேங்கும், வெயிலில் அதிகம் சூடாகும், உடைந்த சுண்ணாம்புத் தூள் படிந்து பாலிப்பை மூச்சுத் திணறவைக்கும். ஆகவே விளிம்பு வேகமாக வளர்கிறது, நடு பின்தங்குகிறது. வாய்கள் இருப்பதற்கும் காரணம் உண்டு. மலை இருந்த நாளில் ஆறு கடலில் கலந்த இடங்களில் நன்னீரும் சேறும் வந்ததால் பவளம் வளரவில்லை. மலையும் ஆறும் போனபின்னும் பல இடங்களில் அந்த இடைவெளி மிஞ்சியிருக்கிறது.

சரி, மலை ஏன் இறங்குகிறது? டார்வினுக்கு இதன் காரணம் தெரியாது. இறங்குகிறது என்று மட்டுமே அவர் சொன்னார். 1960-களில் புவித்தட்டு அறிவு வளர்ந்தபிறகுதான் விடை கிடைத்தது. பூமியின் ஆழத்தில் சில இடங்களில் சூடு மிகுந்து மேலெழுந்துகொண்டே இருக்கிறது. மேலே உள்ள கடல்தரைத் தட்டு அந்த இடத்தைக் கடக்கும்போது, தட்டைத் துளைத்துக்கொண்டு எரிமலை எழும்புகிறது. தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் எரிமலை தன் அடுப்பை விட்டு விலகிப்போகிறது. பழைய இடத்தில் அடுத்த எரிமலை முளைக்கிறது. சொசைட்டித் தீவுகள் வரிசையாக நிற்பதற்கும், வடமேற்கே போகப்போக வயது கூடுவதற்கும் இதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பகுதியில் பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நகர்கிறது. தாகித்தியிலிருந்து போரா போரா சுமார் 260 கிலோமீட்டர். 260 கிலோமீட்டரை 11 சென்டிமீட்டரால் வகுத்தால் 23 அல்லது 24 லட்சம் ஆண்டுகள் வரும். தாகித்தியின் வயது 10 லட்சம் என்றோம். இரண்டையும் கூட்டினால் 33, 34 லட்சம். போரா போராவின் எரிமலைப் பாறைகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்ட வயதும் ஏறக்குறைய 33 லட்சம் ஆண்டுகளே.

அடுப்பை விட்டு விலகிய தட்டு குளிர்கிறது. குளிர்ந்த பாறை சுருங்கும், அடர்த்தி கூடும், மெல்லத் தாழும். போதாததற்கு, எரிமலையின் எடையே தட்டை அழுத்தி வளைக்கிறது. மெத்தைமேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையும் அலையும் மேலே அரித்துக்கொண்டிருக்கும். இப்படி மூன்று பக்கமும் அடி விழுந்தால் எந்த மலையும் மிஞ்சாது. மலையின் உயரம் குறைகிறது, ஆனால் பார் நீர்மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே வளர்கிறது.

ஒரு விளக்கம் அழகாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. டார்வினுக்கு ஓரளவு சான்று 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கோக்கோஸ் கீலிங் தீவில் கிடைத்தது. அவர் நேரில் ஆராய்ந்த அட்டோல் அது. (இன்று அத்தீவில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள்.) ஃபிட்ஸ்ராய் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். பத்துப் பாகம் ஆழம்வரை, கொழுப்பில் உயிருள்ள பவளத்தின் அச்சுப் பதிந்து சுத்தமாக வந்தது. அதற்குக் கீழே போகப்போக மணல் ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கியது. இருபது பாகத்துக்குக் கீழே மணல்தான். ஒரு பாகம் என்பது ஆறடி. ஆகவே உயிர்ப் பவளத்தின் எல்லை எங்கே என்பது எளிய கருவியாலேயே தெரிந்துவிட்டது. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி 7,200 அடிக் கயிற்றை விட்டும் தரை தட்டவில்லை.

ஆனாலும் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1880-ல் ஜான் முர்ரே என்ற கடலாய்வாளர், மலை எதுவும் மூழ்க வேண்டியதில்லை என்றார். கடலடி மேடுகளின்மேல் சிப்பித் தூளும் சுண்ணாம்பும் படிந்து படிந்து உயர்ந்து, வெயில் எட்டும் மட்டத்துக்கு வந்ததும் பவளம் தொற்றிக்கொண்டிருக்கும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு இதுவும் நியாயமாகவே இருக்கிறது. இரண்டில் எது சரி என்று அறிய ஒரே வழிதான்: அட்டோலைத் துளைத்துப் பார்க்க வேண்டும். டார்வின் சொன்னபடியானால் கீழே மிகத் தடித்த பவளச் சுண்ணாம்பு இருக்க வேண்டும், அதில் முழுவதும் ஆழமற்ற நீரின் உயிரினங்களே இருக்க வேண்டும், கடைசியில் எரிமலைப் பாறை தட்ட வேண்டும். முர்ரே சொன்னபடியானால் மெல்லிய பவள மூடிக்குக் கீழே ஆழ்கடல் படிவு வர வேண்டும். யாராவது பெரும்பணக்காரர் முன்வந்து ஐந்நூறு, அறுநூறு அடி துளைத்துப் பார்க்கமாட்டாரா என்று டார்வின் 1881-ல் ஒரு கடிதத்தில் ஆசைப்பட்டார். அடுத்த ஆண்டு காலமானார்.

லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை மூன்றுமுறை ஆட்களை பசிபிக்கின் ஃபுனாஃபுத்தி அட்டோலுக்கு அனுப்பியது. துளை 1,114 அடிவரை போயிற்று. வந்தது எல்லாம் ஆழமற்ற நீரின் சுண்ணாம்புதான். ஆனால் எரிமலைப் பாறை தட்டவில்லை. துரப்பணம் பாரின் சரிவில் உருண்டு குவிந்த உடைசல்களைத்தான் துளைத்திருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1947-ல் பிக்கினி அட்டோலில் 2,556 அடி போனார்கள். அப்போதும் அடித்தளம் கிடைக்கவில்லை.

முடிவு தெரிந்தது 1952-ல், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெடாக் அட்டோலில். அமெரிக்கா தன் அணுகுண்டுச் சோதனைகளுக்காக அந்த அட்டோலை எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே குடியிருந்த மக்களை 1947 டிசம்பரிலேயே வேறு தீவுக்கு அகற்றிவிட்டார்கள். சோதனைக்கான ஆயத்தங்களோடு சேர்த்துத்தான் துளையும் போடப்பட்டது. வளையத்தின் இரண்டு இடங்களில் துளைத்தார்கள். ஒன்றில் ஏறக்குறைய 1,280 மீட்டரிலும், மற்றொன்றில் ஏறக்குறைய 1,400 மீட்டரிலும் சுண்ணாம்பு முடிந்தது. அதற்குக் கீழே கரிய பசால்ட், எரிமலைப் பாறை. மேலிருந்து அடிவரை வந்த சுண்ணாம்பில் ஆழமற்ற வெதுநீரில் வாழும் உயிர்களின் கூடுகளே இருந்தன. டார்வின் சொன்ன அடித்தளம் அவர் கேட்ட அறுநூறு அடியில் இல்லை, நாலாயிரம் அடிக்கும் கீழே இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் ஹைட்ரஜன் குண்டு அந்த அட்டோலில் வெடிக்கப்பட்டது. எலுகெலாப் என்ற தீவு இல்லாமலே போயிற்று. கோடிக்கணக்கான ஆண்டு உழைப்பைப் படித்தறிந்த கையோடு அழித்ததும் மனிதன்தான்.

எனிவெடாக்கின் எண்களை வைத்து இன்னொரு கணக்கு. மிக அடியில் கிடைத்த சுண்ணாம்பின் வயது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள். 5 கோடி ஆண்டுகளில் 1,400 மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்றால், ஆயிரம் ஆண்டுக்கு 28 மில்லிமீட்டர். ஒரு மனிதன் எழுபது ஆண்டு வாழ்ந்தால், அவன் ஆயுள் முழுவதும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர். இது சராசரிதான், எரிமலை இளமையாக இருக்கும்போது வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் தாழ்கிறது. பவளப்பாரோ நல்ல நிலையில் ஆண்டுக்கே சில மில்லிமீட்டர் உயரக்கூடியது. அதனால்தான் இறங்கும் மலையோடு போட்டியிட்டுப் பார் எளிதாக வென்றது.

எப்போதும் வெல்வதில்லை. ஹவாய்த் தீவுகளும் இதே மாதிரி வரிசைதான். ஆனால் அங்கே தட்டு வடமேற்காகக் குளிர்ந்த கடலை நோக்கி நகர்கிறது. வரிசையின் கடைசியில், வட அட்சம் 28 டிகிரியைத் தாண்டி, கூரே என்ற அட்டோல் இருக்கிறது. உலகின் வடகோடி அட்டோல் அது. அங்கே நீர் குளிர்ந்து பவளத்தின் வளர்ச்சி மந்தமாகிவிட்டது. தாழ்வுக்கு ஈடுகொடுப்பதோடு சரி. அதற்கும் அப்பால் போன பழைய தீவுகள் நீருக்குள் போய்விட்டன. உச்சி தட்டையான கடலடி மலைகளாக அவை இன்றும் வரிசையாக நிற்கின்றன. வெயில் எட்டும் எல்லையை ஒருமுறை தவறவிட்ட பார் மீண்டும் எழுவதில்லை.

டார்வின் விளக்கத்தில் சேராத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கடல்மட்டமும் ஒரே இடத்தில் நின்றதில்லை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், ஏராளமான நீர் நிலத்தின்மேல் பனியாக உறைந்துவிட்டதால் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அட்டோல்கள் அப்போது கடலுக்கு மேலே சுண்ணாம்பு மேடுகளாக நின்றன. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து நடுவைக் குழியாக்கியது. பிக்கினி, எனிவெடாக் துளைகளில் நடுநடுவே நிலநத்தைகளின் ஓடுகள் கிடைத்தது இதற்குச் சாட்சி; நிலநத்தை கடலுக்குள் வாழாது. பனி உருகிக் கடல் ஏறியபோது பழைய விளிம்புமேல் பவளம் மீண்டும் கட்டியது. ஆகவே அட்டோலின் அடித்தளமும் தடிப்பும் மலை மூழ்கியதன் வேலை. இன்று நாம் காணும் காயலின் பள்ளத்தில் மழைக்கும் பங்கு உண்டு. தென்னை நிற்கும் மணல் தீவுகளோ சில ஆயிரம் ஆண்டுக் குழந்தைகள்.

நம் மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடிவரை உள்ள 21 தீவுகளும் பவளத்தீவுகள்தானே, அவையும் அட்டோலா என்று கேட்பீர்கள். இல்லை. அவை கண்டத்தின் ஆழமற்ற திட்டின்மேல் நிற்பவை. கீழே மூழ்கிய எரிமலை கிடையாது. லட்சத்தீவும் மாலத்தீவும் வேறு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரப் பகுதியில் தக்காணத்தின் கருங்கல் பீடபூமியைக் கொட்டிய அதே அடுப்பு, இந்தியா வடக்கே நகர நகரக் கடலில் ஒரு நீண்ட எரிமலைத் தொடரை விட்டுச் சென்றது. அந்தத் தொடரின்மேல்தான் அவை நிற்கின்றன. அடுப்பு இன்று ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது. அங்குள்ள எரிமலை இப்போதும் அடிக்கடி கக்குகிறது. மாலத்தீவில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுண்ணாம்புக்குக் கீழே எரிமலைப் பாறை தட்டியது. ஆனால் அங்கே ஒரு வளையத்துக்கு ஒரு மலை என்று கணக்குப் பார்க்கக் கூடாது. மூழ்கியது நீண்ட மலைத்தொடர். அதன்மேல் வளையங்களைச் செதுக்கியதில் ஏறி இறங்கிய கடலுக்கும் நீரோட்டத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

மாலத்தீவு நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் அளவுதான். மலை தாழ்வதால் அவர்களுக்கு ஆபத்தில்லை. ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்பது எந்தப் பவளத்துக்கும் பாரமல்ல. ஆனால் இப்போது உலகம் சூடாவதால் கடல்மட்டம் ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஏறுகிறது. எனிவெடாக்கில் நாம் கண்ட தாழ்வைவிட இது நூறு மடங்குக்கும் மேல். உயிருள்ள பார் இதற்கும் ஓரளவு ஈடுகொடுக்க முடியும். சிக்கல் என்னவென்றால் அதே சூடு பவளத்தையும் தாக்குகிறது. நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் பாலிப் தன் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். சூடு தணியாவிட்டால் செத்துவிடும். 1998-லும் 2016-லும் மாலத்தீவில் பரவலாக இப்படி வெளுத்தது. செத்த பார் உயர்வதில்லை. அலையால் தேய்ந்து தாழத்தான் செய்யும். தலைநகர் மாலேயின் அருகே 1997-ல் காயலின் மணலை அள்ளிக் கொட்டி ஹுல்ஹுமாலே என்ற புதிய தீவை உருவாக்கத் தொடங்கினார்கள். அதைக் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள்.